“1:1 போனஸ், பணம் இரட்டிப்பு” என்று சொல்லி 68,000 ரூபாயைக் கரைத்தார்கள். வாங்கும் முன் இதைப் படியுங்கள்

ரத்தம் கொதிக்கிறது, அதே சூட்டில் எழுதுகிறேன். எந்தப் பங்கை வாங்கலாம் என்று போன் செயலியில் சொல்லும் ஒரு கட்டண டிப்ஸ் குழு அது. பெயர் வேண்டாம். சந்தா 8,000 ரூபாய், பங்கில் போனது 60,000. மொத்தம் 68,000.

ஒரு நடுத்தர நிறுவனம் ஒரு பங்குக்கு ஒரு போனஸ் பங்கு அறிவித்திருந்தது. ரெக்கார்டு தேதியன்று யார் கணக்கில் பங்கு இருக்கிறதோ அவருக்குத்தான் அது இலவசமாகக் கிடைக்கும். குழு நடத்துபவர் நேரடியாகவே போனில் பேசினார்: “ரெக்கார்டு தேதிக்கு முந்தின நாளுக்குள்ள வாங்கிடுங்க சார். 250 பங்கு 500 ஆகும். பாதியை வித்து முதலை எடுத்துக்கோங்க, மீதி இனாம்.” குரலில் அவ்வளவு அக்கறை. என் மகள் படிப்புக்கான சேமிப்பா என்றுகூடக் கேட்டார். 820 ரூபாய் விலையில் 250 பங்கு, 2,05,000 ரூபாய்க்கு வாங்கினேன்.

அவர் சொன்னதில் உண்மை தேதி மட்டும்தான். நம் சந்தையில் வாங்கிய பங்கு அடுத்த வேலை நாளில் கணக்குக்கு வந்துவிடுவதால், முந்தின நாள் வாங்கினாலே போனஸ் கிடைக்கும். ஆனால் ரெக்கார்டு தேதியன்று காலையில் பங்கின் விலையே 410-ஐ ஒட்டித்தான் தொடங்கும். 2024 அக்டோபர் 28 அன்று ரிலையன்ஸ் 1:1 போனஸுக்கு நடந்ததும் இதுதான். முந்தின வர்த்தக நாள் 2,650 பக்கம் முடிந்த பங்கு 1,340 பக்கம் தொடங்கியது. யாருக்கும் பாதிப் பணம் போகவில்லை, யாருக்கும் இரட்டிப்பாகவும் இல்லை.

ஏன் என்று கணக்காகவே பாருங்கள். ஒரு நிறுவனத்துக்கு 10 ரூபாய் முக மதிப்பில் 1 கோடி பங்குகள், அதாவது 10 கோடி பங்கு மூலதனம். சேர்த்துவைத்த லாபம் 90 கோடி. போனஸ் கொடுத்ததும் மூலதனம் 20 கோடி, சேர்த்துவைத்தது 80 கோடி. கூட்டினால் அதே 100 கோடி. கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்குப் பணம் நகர்ந்தது, அவ்வளவுதான். கம்பெனிக்குள் ஒரு ரூபாய் வரவில்லை, வெளியே போகவும் இல்லை. ஆண்டு லாபம் 20 கோடி என்றால் ஒரு பங்குக்கு 20 ரூபாய் இருந்தது 10 ஆகிறது. 1 கோடியில் 250 வைத்திருந்தவர் இப்போது 2 கோடியில் 500 வைத்திருக்கிறார். பங்குப் பிரிப்பில் இந்த நகர்வுகூடக் கிடையாது. 10 ரூபாய் முக மதிப்பு 2 ஆகும், ஒன்று ஐந்தாகும், மூலதனம் அப்படியே இருக்கும்.

ரெக்கார்டு தேதியன்று என் கணக்கில் பாதிப் பணம் காணாமல் போனதுபோல் சிவப்பாகக் காட்டியது. கேட்டால், “போனஸ் ரெண்டு நாள்ல ஏறிடும், பயப்படாதீங்க.” ஏறியது, சரி. 500 பங்கும் வந்தது. ஆனால் அறிவிப்பு வந்ததிலிருந்து இந்தக் குழுக்கள் ஊதி ஏற்றிய விலை அப்புறம் இறங்கத் தொடங்கியது. 390, 340, கடைசியில் 290. 500 பங்கு, 1,45,000 ரூபாய். இந்த 60,000 போனஸால் போகவில்லை. இரட்டிப்புக் கதையைச் சொல்லி ஏற்றிவைத்த விலையில் என் தலையில் கட்டியதால் போனது. போன் செய்தால் “லாங் டேர்ம் வைங்க சார்”, மறுபடி கேட்டால் “டிஸ்கிளைமர் படிக்கலையா?”

இதோடு நிற்கவில்லை. “பழைய 250-ஐ மட்டும் விற்று பெரிய நஷ்டம் காட்டுங்க, மத்த லாபத்துக்கு வரி மிச்சம்” என்று ஒரு யோசனை. 820-க்கு வாங்கி 290-க்கு விற்றால் ஏட்டில் 1,32,500 நஷ்டம். என் ஆடிட்டர் தலையில் அடித்துக்கொண்டார். 2022 ஏப்ரல் 1 முதல் பங்குகளுக்கு இந்த வழி அடைக்கப்பட்டுவிட்டது. ரெக்கார்டு தேதிக்கு முந்தைய 3 மாதத்துக்குள் வாங்கி, பிந்தைய 9 மாதத்துக்குள் போனஸ் பங்கைக் கையில் வைத்துக்கொண்டு பழையதை விற்றால், அந்த நஷ்டத்தைக் கழிக்க முடியாது. அது போனஸ் பங்கின் அடக்க விலையாகிவிடும். இதைச் சொல்லிக் கேட்ட அன்றே என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். 68,000 ரூபாய் கட்டி வாங்கிய மரியாதை!

விரிவாக ஆலோசனை எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. டிப்ஸ் கொடுப்பவரிடம் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பின் பதிவு எண் கேளுங்கள். ஆய்வாளர் என்றால் INH என்று தொடங்கும், அதை செபி தளத்திலேயே தேடிப் பாருங்கள். போனஸ், பிரிப்பு என்று யாராவது சொன்னால் விலையை ஒரு பங்குக்கான ஆண்டு லாபத்தால் வகுத்துப் பாருங்கள். நான் வாங்கியபோது 41 மடங்கு, போனஸுக்குப் பிறகும் அதே 41 மடங்கு. விலை பாதியானதால் மலிவாகிவிட்டது என்பவரின் எண்ணை அப்போதே பிளாக் செய்யுங்கள்.