அசையும் படமா, சீரமைத்த படமா?

மறைந்தவரின் பழைய புகைப்படத்தைக் கீறலும் கறையும் நீக்கிச் சீரமைப்பது ஒரு வழி. 2021இல் மைஹெரிட்டேஜ் நிறுவனம் வெளியிட்ட 'டீப் நாஸ்டால்ஜியா' போன்ற கருவியால் அதை அசைய வைப்பது இன்னொரு வழி.

இரண்டாவதில் குடும்பத்தார் முதலில் அறிய வேண்டியது, அந்த அசைவு மறைந்தவருடையது அன்று என்பதே. முன்பே வேறொருவரை வைத்துப் பதிவு செய்த தலைத்திருப்பலும் கண்சிமிட்டலும் புன்னகையும் படத்திலுள்ள முகத்தின்மீது ஏற்றப்படுகின்றன. மூடிய வாய் திறந்தால் தெரியும் பற்களும் கணினியின் ஊகமே.

எங்கள் மாமாவின் அடையாள அட்டைப் படத்தை அவருடைய மகன் இப்படி அசைய வைத்து, தலைத்திவசத்தன்று முன்னறிவிப்பின்றி அத்தையிடம் காட்டினான். பேரப்பிள்ளைகள் மகிழ்ந்தார்கள். அத்தையோ, "அவர் பல் தெரியச் சிரிக்கவே மாட்டாரேடா" என்று சொல்லிக் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டார். அன்றாடம் கூட வாழ்ந்தவருக்கே அந்தப் பிசகு உடனே தெரிகிறது. தாத்தாவை நேரில் பார்த்திராத பிள்ளைக்கோ அந்தப் பொய்ச் சிரிப்பே நினைவாகத் தங்கிவிடக்கூடும்.

சீரமைப்பிலும் ஊகம் உண்டு. மிக மங்கிய முகத்தைக் கருவி கூர்மையாக்கும்போது கண்ணின் வடிவம் மாறலாம். ஆனால் மூலப்படத்தை அருகில் வைத்துப் பார்த்தால் அது தெரிந்துவிடும்.

துக்கம் ஆறாத வீட்டில் நான் சீரமைப்பையே பரிந்துரைப்பேன். அசைவுதான் வேண்டுமென்றால், துணையிடமோ பிள்ளைகளிடமோ முன்கூட்டிக் கேட்டு, வேண்டாம் என்பவர் இருக்கும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதைப் பகிராதிருக்க வேண்டும்.