தூசியையும் கால்தடத்தையும் மறைக்கும் தரை டைல்: பல ஆண்டு அனுபவம்

பிள்ளைகளும் பெரியவர்களும் ஒரு நாயும் நாள் முழுக்க நடமாடும் வீடு எங்களுடையது. கூடத்தில் மணல் நிறமும் சாம்பலும் கலந்த, பளபளப்பில்லாத மேட் டைல் போட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. மாடி அறையில் வீடு வாங்கும்போதே இருந்த பளபளப்பான கருஞ்சாம்பல் டைல் அப்படியே இருக்கிறது. இரண்டையும் ஒரே வீட்டில், ஒரே ஆட்களின் கால்களுக்கடியில் பார்த்துவருவதால் சில விஷயங்களை உறுதியாகச் சொல்ல முடிகிறது.

அழுக்கு தெரியாமலிருக்க அடர்ந்த நிறம் போட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் வீட்டுத் தூசி பெரும்பாலும் வெளிறிய நிறம் கொண்டது. துணி இழை, தோல் துகள், வெளியிலிருந்து வரும் மெல்லிய மண் எல்லாம் சேர்ந்து சாம்பல் பூத்தாற்போல் படியும். மாடி அறையைக் காலையில் பெருக்கினால் மாலைக்குள் அந்தப் படலம் தெரிகிறது. வெள்ளைத் தரையில் நேர் எதிர்: தூசி தெரியாது, ஆனால் ஒவ்வொரு தலைமுடியும் கோடு போட்டதுபோல் தெரியும். செருப்பின் ஈர மண்ணும் அப்படித்தான். தூசி வெளிறியது, முடியும் ஈர மண்ணும் அடர்ந்தவை. ஆகவே இரண்டுக்கும் நடுவிலுள்ள நிறம்தான் இரண்டையும் தாங்குகிறது.

நடுநிறம் மட்டும் போதாது. ஒரே சீரான பழுப்பு டைலில் ஒரு முடி கிடந்தாலும் கண் அங்கேதான் போகும். எங்கள் கூடத்து டைலைக் குனிந்து பார்த்தால் வெளிர் மணல், தவிட்டு நிறம், இளஞ்சாம்பல் மூன்றும் மேகம்போல் ஒன்றுக்குள் ஒன்று கரைந்திருக்கும். ஆங்காங்கே கடுகளவு புள்ளிகள். தூசியும் முடியும் அந்தப் பின்னணியில் கலந்துவிடுகின்றன. தரை சோர்ந்து தெரியாமலிருக்கவும் இந்தக் கலவையே காரணம். வாங்கும்போது ஒரு டைலை மட்டும் பார்க்காதீர்கள். ஐந்தாறு டைல்களைப் பரப்பச் சொல்லுங்கள். ஒரே மேக வடிவம் எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வந்தால், அறை முழுக்க விரிக்கும்போது அச்சடித்த காகிதம்போல் ஆகிவிடும்.

கால்தடம் வேறு கணக்கு. அங்கே நிறத்தைவிட மேற்பரப்பின் பளபளப்புக்குத்தான் பெரிய பங்கு. வெறுங்காலின் எண்ணெய்ப்பசையும் வியர்வையும் தரையில் மெல்லிய படலமாக ஒட்டும். பளபளப்பான டைல் கண்ணாடிபோல் ஒளியை ஒரே திசையில் திருப்புவதால், படலம் பட்ட இடம் மட்டும் மங்கி, விரல் விரலாகத் தடம் தெரியும். மேட் டைல் ஒளியைச் சிதறடிக்கும். அங்கே அந்த வேறுபாடு கண்ணில் படாது. அதற்காகச் சொரசொரப்பு மிகுந்ததை எடுக்க வேண்டாம். உள்ளங்கையால் தடவும்போது வழவழப்பாக, ஆனால் வழுக்காமல் இருந்தால் போதும். பள்ளம் மேடுள்ள டைலில் அழுக்கு உள்ளே தங்கிவிடும். துடைத்தாலும் முழுதாக வராது.

நாங்கள் தேர்ந்தெடுத்த முறையை அப்படியே சொல்கிறேன். மாதிரி டைல்களை வீட்டுக்குக் கொண்டுவந்து சன்னலோரம் தரையில் கிடத்தினோம். சுவரில் சாய்த்து வைத்தால் உண்மை தெரியாது. பெருக்கிய தூசியில் ஒரு சிட்டிகை தூவி, ஈரக் காலால் ஒரு முறை மிதித்துக் காயவிட்டோம். காலையில் ஒளி சாய்ந்து விழும்போது ஒரு முறை, இரவு விளக்கில் ஒரு முறை நின்ற உயரத்திலிருந்து பார்த்தோம். பகலில் அழகாக இருந்த நீலச்சாயல் சாம்பல், மஞ்சள் விளக்கில் சேற்று நிறமானது. மணல் சாயல் கலந்தது இரண்டு ஒளியிலும் உயிரோடு இருந்தது. சாம்பல் பிடிக்கும் என்றால் மணல் சாயலுள்ள சாம்பலையே தேடுங்கள். சுவர் வெளிறியதாக இருந்தால் தரையின் நடுநிறம் அறையை இருட்டாக்காது.

இணைப்புகளில் போடும் கிரவுட்டை டைலைவிட ஒரு சாயல் அடர்த்தியாக எடுத்தோம். வெள்ளைக் கிரவுட் அதிகம் நடமாடும் இடங்களில்தான் முதலில் கறுக்கும், அப்போது தரை முழுக்கக் கட்டம் கட்டமாகத் தெரியும். சிமென்ட் கிரவுட் ஈரத்தையும் அழுக்கையும் உறிஞ்சும் என்பதால், அடுப்படியில் எப்பாக்ஸி வகை போட்டோம். விலை கூடுதல், ஆனால் நிறம் இன்னும் மாறவில்லை.

குறை ஒன்று உண்டு. அழுக்கு கண்ணுக்குத் தெரியாததால் பெருக்கும் நாள் தள்ளிப்போகும். நாயின் படுக்கையருகே காலில் நறநறவென்று படும்போதுதான் தெரியும். அதனால் பார்வையை நம்பாமல் நாள் வைத்துப் பெருக்குகிறோம். துடைக்கும் நீரில் சோப்பு அதிகமாகும்போது மேட் தரையில் பிசுக்குப் படலம் தங்கி, அதில் தூசி ஒட்டி, சில வாரங்களில் நிறமே மங்கிவிட்டதுபோல் தோன்றும். நிறம் போயிருக்காது. இளஞ்சூடான வெறும் நீரில் இரண்டு முறை துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் பழைய நிறம் திரும்பி வரும்.