சீசன் ஆர்டருக்கு ஓவர்டைமா, தனி நைட் ஷிப்டா?

பனியன் கம்பெனிக்குத் தினமும் 40 மணி நேர வேலை கூடுதலாக வேண்டும். எட்டு மணி நேரக் கூலி 560 ரூபாய் என்று வைப்போம்.

ஓவர்டைம்: 20 பேர், 2 மணி நேரம். சட்டப்படி இரட்டிப்பு, மணிக்கு 140. இஎஸ்ஐ சேர்த்து 5,780. பட்ஜெட்டில் பலர் விடுவது இந்த இஎஸ்ஐயைத்தான். ஓவர்டைமுக்கு பிஎஃப் இல்லை, இஎஸ்ஐ உண்டு.

நைட் ஷிப்ட்: 5 பேர். படி 50, பிஎஃப், இஎஸ்ஐயோடு தலைக்கு 710. சூப்பர்வைசர், வேன் 1,500. மொத்தம் 5,050.

ஆனால் புது ஆட்கள் முதல் இரண்டு வாரம் எழுபது சதவீதம்தான் தைப்பார்கள். அதுவரை 7 பேர் வேண்டும், 6,470 ஆகும். அந்த நஷ்டம் ஈடாக மேலும் இரண்டு வாரம் பிடிக்கும்.

நாலு வாரத்துக்குள் முடியும் ஆர்டருக்கு ஓவர்டைம். அதைத் தாண்டினால் ஷிப்ட். ஓவர்டைமுக்குக் காலாண்டு மணி வரம்பும் உண்டு.