ஓவன் இல்லாத சமையலறையில் கேக்: குக்கரா, அடி கனமான தேக்சாவா?

ஓவன் வாங்க இடமில்லாத வீடுகளில் கேக் செய்ய இரண்டு பாத்திரங்கள் கைவசம் இருக்கும். ஒன்று தினம் பருப்பு வேகும் பிரஷர் குக்கர். மற்றொன்று பிரியாணிக்கு எடுக்கும் அடி கனமான அலுமினிய தேக்சா, அல்லது வார்ப்பிரும்புச் சட்டி. எது நல்லது என்று கேட்டால் பெரும்பாலும் அடியின் கனத்தைப் பற்றியே பேச்சு வரும். கேக்கின் தலையெழுத்தை அதிகம் தீர்மானிப்பது மூடி.

முதலில் ஒரு அடிப்படை. இரண்டிலும் தண்ணீர் ஊற்றக்கூடாது. தண்ணீர் இருந்தால் திறந்த ஆவியில் 100 டிகிரி செல்சியஸ், வெயிட் போட்டால் சுமார் 121 டிகிரி, அதற்கு மேல் சூடு ஏறாது. அதில் மாவு வேகும், ஆனால் இட்லிபோல வெளுத்து ஈரமாக இருக்கும். கேக்குக்கு வேண்டியது 160 முதல் 180 டிகிரி வரை உலர்ந்த சூடு. அதனால் பாத்திரத்துக்குள் டின்னைச் சுற்றி வெறும் காற்றுதான் சுட வேண்டும்.

ஒப்பிட வசதியாக ஒரே அளவை எடுத்துக்கொள்வோம். மைதா 125 கிராம், பொடித்த சர்க்கரை 100 கிராம், முட்டை 2, மணமில்லாத எண்ணெய் 80 மில்லி, பால் 60 மில்லி, பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், வெனிலா அரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. சென்னை வெக்கையில் வெண்ணெய் வெளியே வைத்த சற்று நேரத்தில் உருகிவிடும். சர்க்கரையோடு அடித்துக் காற்றேற்றுவது கடினம். அதனால் எண்ணெய் கேக்கே இங்கே நிதானமாக வரும். முட்டையும் சர்க்கரையும் வெளுத்து நுரைக்கும்வரை அடித்து, எண்ணெய், பால், வெனிலா சேர்த்து, மைதா, பேக்கிங் பவுடர், உப்பு மூன்றையும் சேர்த்துச் சலித்துப் போட்டு, மாவு மறைந்ததும் கலக்குவதை நிறுத்திவிட வேண்டும். டின் 15 சென்டிமீட்டர் விட்டம், 7 சென்டிமீட்டர் உயரம். அடியில் பட்டர் பேப்பர். கலவை பாதி டின்னுக்குக் கீழே நிற்கும். வெந்தபின் டின்னின் வாய்க்குச் சற்றுக் கீழ்வரை ஏறும்.

குக்கரில் வைப்பதானால் 5 லிட்டர் அலுமினிய குக்கர் சரியாக இருக்கும். டின்னைச் சுற்றி எல்லாப் பக்கமும் இரண்டு விரல் இடைவெளி வேண்டும். சுவரை ஒட்டி நின்றால் அந்தப் பக்கம் மட்டும் கருகும். அதனால் 3 லிட்டர் குக்கர் இந்த டின்னுக்குப் போதாது. அடியில் ஒரு ஸ்டாண்டு வைத்து அதன்மேல் டின். ஸ்டாண்டின் உயரம் இரண்டரை சென்டிமீட்டராவது இருக்கட்டும்.

உப்பு போட வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. ஒன்றரை கப் உப்பைப் பரப்பினால் அடிச்சூடு சமமாகப் பரவும், தீ சற்று ஏறி இறங்கினாலும் கேக்குக்குத் தெரியாது. மெல்லிய அடியுள்ள குக்கருக்கு இது உண்மையிலேயே உதவும். ஆனால் கல்லுப்பு வேண்டாம். கடற்காற்றில் ஈரம் இழுத்த கல்லுப்பு சூட்டில் பட்பட்டென்று வெடித்துத் தெறிக்கும். தூள் உப்பு போதும். வேலை முடிந்ததும் உப்பை உடனே எடுத்துவிட வேண்டும். ஈரத்தோடு உப்பு தங்கினால் அலுமினியத்தில் சின்னச் சின்னக் குழிகள் விழும். கனமான தேக்சாவுக்கு உப்பு தேவையே இல்லை, ஸ்டாண்டு மட்டும் போதும்.

இனி குக்கர் மூடி. காஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிடுவது எல்லோருக்கும் தெரிந்த விதி. இதற்குக் காரணம் காஸ்கெட் கருகி ரப்பர் வாடை ஏறுவது மட்டுமில்லை. கலவையில் இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேற வழி இல்லாவிட்டால் அழுத்தம் ஏறும், கேக்கும் மேலே களிபோல ஆகும். காஸ்கெட் இல்லாமல் மூடினால் ஓரத்து இடுக்கு வழியாகவும் வெயிட் குழாய் வழியாகவும் ஆவி தானே போய்விடும். இந்த விஷயத்தில் குக்கர் மூடி தேக்சா மூடியைவிட நல்லது.

சிக்கல் சேஃப்டி வால்வில் இருக்கிறது. பெரும்பாலான குக்கர்களில் அந்த வால்வின் நடுவே குறைந்த சூட்டில் உருகும் ஒரு உலோகக் கலவை இருக்கும். தண்ணீர் வற்றி குக்கர் காய்ந்துபோனால் அது உருகி ஆவிக்கு வழிவிட வேண்டும், அதற்காகவே வைத்தது. கேக்குக்காகக் குக்கரை வேண்டுமென்றே காயவைக்கிறோம். மூடிப் பக்கம் சூடு ஏறினால் வால்வு தன் வேலையைச் செய்யத்தான் செய்யும். உருகிய கலவை நேரே கீழே இருக்கும் கேக்கின்மேல் சொட்டலாம். அப்படி நடந்தால் அந்தக் கேக்கைச் சாப்பிடவே கூடாது. உருகாமல் தப்பினாலும் பலமுறை வெறும் சூடு கண்ட வால்வை நம்பி மறுபடி பருப்பு வேக வைப்பது சரியில்லை, மாற்றிவிட வேண்டும். மூடி உள்ளே நுழைந்து மாட்டும் வகைக் குக்கரில் இன்னொரு தொல்லை: காஸ்கெட் இல்லாமல் அந்த மூடி சரியாக உட்காராது, சாய்ந்து தொங்கும், ஒரு பக்கம் சூடு கசியும்.

அதனால் குக்கரில்தான் செய்வேன் என்பவர்களுக்குச் சொல்வது இது. குக்கரின் உடலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், மூடியை அலமாரியிலேயே விடுங்கள். வாயை முழுதும் மூடும் கனமான தட்டு ஒன்றை மேலே கவிழ்த்தால் போதும். கைப்பிடி தீக்கு நேரே வராமல் சின்ன பர்னரில் வையுங்கள்.

தேக்சாவுக்கு வருவோம். அடி கனமாக இருப்பதால் சூடு மெதுவாக ஏறும், மெதுவாக இறங்கும். வார்ப்பிரும்பு இன்னும் மெதுவு. அதிகமாகச் சுட்டுவிட்டால் தீயைக் குறைத்தும் பத்து நிமிடத்துக்கு அடங்காது. முதல்முறை செய்பவர்களுக்கு அலுமினிய தேக்சாவே நல்லது. அதன் குறை, மூடி அப்படியே பொருந்தி உட்காருவது. நம் அளவுக் கலவை வேகும்போது சுமார் 40 மில்லி தண்ணீர் ஆவியாகும். அது தட்டையான மூடியில் முத்து முத்தாகக் கோத்துக் கேக்கின் நடுவில் சொட்டும். மேலே அம்மைத் தழும்புபோல ஈரக்குழிகள் விழுந்திருந்தால் காரணம் இதுதான். மூடியை ஒரு பருத்தித் துணியில் கட்டி, முனைகளை மேலே கைப்பிடியில் இறுக்கி முடிந்தால் துணி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். முனை கீழே தொங்கினால் தீப்பிடிக்கும், அதைக் கவனிக்க வேண்டும். மேல்நோக்கிக் குவிந்த மூடியாக இருந்தால் தண்ணீர் ஓரமாக வழிந்துவிடும், துணி தேவைப்படாது.

தேக்சாவில் மட்டும் வாய்க்கும் ஒரு நன்மை உண்டு. அடுப்பில் செய்யும் எந்தக் கேக்குக்கும் மேற்புறம் வெளுத்தே இருக்கும், ஏனென்றால் மேலிருந்து சூடு இல்லை. பிரியாணிக்குத் தம் போடுபவர்கள் மூடிமேல் தணல் போடுவார்கள். அடுக்ககத்தில் தணலுக்கு எங்கே போவது? அதற்குப் பதில் வார்ப்பிரும்புத் தோசைக்கல். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு, தோசை சுடும் பக்கம் கீழே இருக்கும்படி இன்னொரு பர்னரில் கவிழ்த்து ஏழெட்டு நிமிடம் நன்றாகக் காய்ச்ச வேண்டும். கேக் வெந்து முடிய பத்து நிமிடம் இருக்கும்போது தேக்சா மூடியை எடுத்துவிட்டு, இடுக்கியால் பிடித்துக் கல்லை அப்படியே வாயின்மேல் வைத்துவிட வேண்டும். கேக்கின் உச்சிக்கும் கல்லுக்கும் நாலு சென்டிமீட்டராவது இடைவெளி இருந்தால் மேலே இளம்பொன் நிறம் வரும். இதற்காகவே என் ஓட்டு தேக்சாவுக்கு.

சூட்டை அளக்கக் கருவி இல்லாவிட்டால் சர்க்கரையை நம்பலாம். அது ஏறத்தாழ 186 டிகிரியில் உருகும். பாத்திரத்தை மூடிச் சுடவைக்கும்போது ஸ்டாண்டின்மேல் ஒரு சின்னக் கிண்ணத்தில் ஒரு சிட்டிகை சர்க்கரை வையுங்கள். டின்னை வைக்கும் நேரத்தில் அது உருகியிருந்தால் சூடு அதிகம். தீயைக் குறைத்து, மூடியை நகர்த்தி ஐந்து நிமிடம் ஆறவிட வேண்டும். உருகாமல் இருந்து, பாத்திரத்துக்குள் காட்டிய கையைச் சூடு உடனே விரட்டினால் சரியான பதம். குக்கருக்குச் சின்ன பர்னரில் மிதமான தீயில் பத்து நிமிடம், தேக்சாவுக்குப் பதினைந்து நிமிடம் பிடிக்கும். இன்டக்‌ஷன் அடுப்பு இந்த வேலைக்கு ஆகாது. வெறும் பாத்திரம் சூடேறியதும் பல அடுப்புகள் தாமாக நின்றுவிடும்.

டின்னை வைத்ததும் தீ சிம்முக்கு இறங்கட்டும். முப்பது நிமிடம் திறக்கவே கூடாது. நடுப்பகுதி இறுகாத நேரத்தில் திறந்தால் குளிர்காற்று பட்டு அமுங்கிவிடும், அது மறுபடி எழாது. குக்கரில் 35 நிமிடத்தில் பல்குச்சி குத்திப் பார்க்கலாம், 40 முதல் 45க்குள் முடியும். தேக்சாவில் 45 முதல் 55 நிமிடம் ஆகும். குச்சியில் ஈர மாவு ஒட்டாமல், கேக் டின்னின் ஓரத்தை விட்டு விலகியிருந்தால் வெந்துவிட்டது.

கேக் தவறிப்போனால் அதை வெட்டிப் பார்த்தே காரணம் சொல்லலாம். அடி கருத்து நடு மாவாக இருந்தால் தீ அதிகம், அல்லது ஸ்டாண்டு தாழ்வு. நடுவில் மலைபோல எழும்பி வெடித்திருந்தால் ஓரங்கள் சீக்கிரம் இறுகிவிட்டன. குக்கரில் சுவர் டின்னுக்கு அருகே இருப்பதால் இது அடிக்கடி நேரும், சிறிய டின் வைத்தால் சரியாகும். அடியில் ஒரு விரல் தடிமனுக்குப் பசைபோல அடர்ந்த படலம் இருந்தால் பாத்திரம் சுடாமலே டின் உள்ளே போயிருக்கிறது, அல்லது பேக்கிங் பவுடர் ஈரம் இழுத்து வீரியம் இழந்திருக்கிறது. கொதிநீரில் அரை டீஸ்பூன் போட்டால் பொங்க வேண்டும். பொங்காவிட்டால் புது டப்பா வாங்குவதுதான் வழி.

அரைக் கிலோ கலவைக்கு மேல் போனால் இரண்டு பாத்திரமும் திணறும். அடிச்சூடு உச்சிக்குப் போய்ச் சேர்வதற்குள் கீழ்ப்பாதி வறண்டுவிடும். ஒரு கிலோ கேக் வேண்டுமென்றால் ஒரே டின்னில் நிறைக்காமல், இதே அளவில் இரண்டு கேக்காகச் சுட்டு நடுவே கிரீம் தடவி அடுக்குங்கள். இரண்டாவது டின் போகும்போது பாத்திரம் ஏற்கெனவே சூடாக இருக்கும், மறுபடி காயவைக்க வேண்டாம். சர்க்கரைக் கிண்ணத்தை மட்டும் ஒருமுறை வைத்துப் பார்த்துவிடுங்கள். இரண்டாவது கலவையை முன்கூட்டியே கலந்து வைக்கவும் வேண்டாம். ஈரம் பட்டதுமே பேக்கிங் பவுடர் வேலையைத் தொடங்கிவிடும். முதல் கேக் வெளியே வரும் நேரத்தில் கலந்தால் போதும்.