பரிந்துரை முதல் வரியிலா, கடைசிப் பத்தியிலா?

இராணிப்பேட்டைத் தோல் பதனிடும் ஆலை ஒன்றில், குரோமியம் மீட்பு அலகு அமைப்பது பற்றிய 60 பக்க அறிக்கையை நிர்வாக இயக்குநருக்கு ஒரே பக்கத்தில் சுருக்க வேண்டும் என்று கொள்வோம்.

அறிக்கையின் வரிசையிலேயே செல்லும் சுருக்கம், தோல் ஏற்காத குரோமியம் கழிவுநீரில் கலப்பதில் தொடங்கி, அதை மெக்னீசியம் ஆக்சைடால் படியவைத்துக் கந்தக அமிலத்தில் கரைத்து மீட்கும் முறையை விளக்கி, முடிவைக் கடைசிப் பத்தியில் வைக்கும். தொழிலிலேயே ஊறிய இயக்குநருக்கு இவை தெரிந்தவை. தம்மிடம் கேட்கப்படுவது என்ன என்றே அவர் தேடுவார்.

மற்றொன்று இப்படித் தொடங்கும்: “மீட்பு அலகுக்கு 40 லட்ச ரூபாய் ஒப்புதல் தேவை, இம்மாதத்துக்குள் கிடைத்தால் வடகிழக்குப் பருவமழைக்கு முன் அடித்தளப் பணி முடியும். மீட்ட குரோமியத்தை மீண்டும் பயன்படுத்துவதால் மூன்றாண்டில் முதலீடு திரும்பும். குரோமியக் கழிவுநீரைத் தனிக் குழாயில் பிரிக்காவிட்டால் இக்கணக்கு பொருந்தாது.”

நான் இரண்டாவதையே தேர்வேன். ஆனால் சுருக்கும் அவசரத்தில் அந்தக் கடைசி நிபந்தனை பின்பக்கத்துக்குத் தள்ளப்படுவதுதான் இதில் அதிகம் நேரும் பிழை. அப்போது இயக்குநர் குழாய்ச் செலவை அறியாமலே கையொப்பமிடுவார். முதல் மூன்று வரிகளை மட்டும் படித்த ஒருவர், எந்தச் சூழலில் பரிந்துரை தவறாகும் என்று சொல்ல முடிகிறதா என்று சோதித்தால் இது தெரிந்துவிடும். தரவுகள் இருபக்கமும் சமமாக நிற்கும்போது மட்டும், பரிந்துரைக்குப் பதிலாக முடிவெடுக்க வேண்டிய கேள்வியை முதல் வரியில் வைப்பது நேர்மையானது.