நீங்கள் ரத்து செய்வதா, அவர்கள் ரத்து செய்யட்டும் என்று இருப்பதா? பஸ் டிக்கெட் ரீஃபண்ட் கணக்கு

"இன்னைக்கு வண்டி எடுக்கல, நீங்களே ஆப்ல கேன்சல் பண்ணிடுங்க" என்று பஸ் அலுவலகத்திலிருந்து போன் வந்தால், உடனே அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள். வண்டி ஓடாதது அவர்கள் பக்கத்துக் காரணம். ஆனால் பொத்தானை நீங்கள் அழுத்திவிட்டால் பதிவில் அது பயணி செய்த ரத்து. பிடித்தம் அந்தப் பதிவைப் பார்த்துத்தான் நடக்கும்.

எண்களில் பார்த்தால் வித்தியாசம் தெரியும். டிக்கெட் கட்டணம் 1,000 என்று வைத்துக்கொள்வோம். கூப்பனில் 150 குறைந்தது, தளத்தின் சேவைக் கட்டணம் 30 சேர்ந்தது. நீங்கள் கட்டியது 880. ரத்து விதி இப்படி என்று கொள்வோம்: புறப்பாட்டுக்கு 24 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் 10 சதவீதம் பிடித்தம், 12 முதல் 24 வரை 25 சதவீதம், 6 முதல் 12 வரை 50 சதவீதம், அதற்குக் கீழே பணம் ஒன்றும் திரும்பாது. உங்கள் ஊரில் வண்டி ஏறுவது இரவு 10 மணிக்கு. போன் வந்தது காலை 9 மணிக்கு. 13 மணி நேரம் இருக்கிறது, 25 சதவீதம்தானே போகும் என்று நினைப்பீர்கள்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நேரத்தை நீங்கள் ஏறும் இடத்திலிருந்து எண்ணாமல், வண்டி முதன்முதலாகக் கிளம்பும் இடத்திலிருந்து எண்ணுகிற தளங்கள் உண்டு. அந்த வண்டி வேறோர் ஊரில் இரவு 8 மணிக்கே கிளம்புகிறது என்றால், மிச்சம் 11 மணி நேரம்தான். பிடித்தம் 50 சதவீதம். அதிலும் சதவீதத்தைக் கூப்பன் கழித்த தொகைக்குப் போடாமல் முழுக் கட்டணமான 1,000-க்குப் போட்டால் 500 போய்விடும். 850-இல் மீதி 350. சேவைக் கட்டணம் 30 பொதுவாகத் திரும்பாது. 880 கட்டியவர் கைக்கு 350 வரும், அதுவும் ஓடாத வண்டிக்கு!

அதே ரத்தை நிறுவனம் தன் பக்கத்தில் பதிவு செய்தால் பிடித்தமே கிடையாது. 850 முழுதாக வர வேண்டும். சேவைக் கட்டணம் 30 வருமா என்பது அந்தத் தளத்தின் விதியைப் பொறுத்தது. கூப்பன் தொகை பணமாக வராது.

அப்படியானால் சும்மா காத்திருந்தால் போதுமா? போதாது. நிறுவனம் கடைசி வரை பதிவே செய்யாமல் விட்டால், புறப்பாட்டு நேரம் கடந்ததும் உங்கள் டிக்கெட் 'பயணி வரவில்லை' என்ற கணக்கில் போய்விடலாம். எனவே, போனில் சொன்னதைக் குறுஞ்செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள். அழைப்பு வந்த நேரத்தையும் எண்ணையும் படம் எடுத்து, டிக்கெட் வாங்கிய தளத்தின் உதவிப் பிரிவுக்குப் புறப்பாட்டுக்கு முன்பே எழுதிவிடுங்கள். இடைத்தரகுத் தளமாக இருந்தால் அவர்கள் பஸ் நிறுவனத்திடம் உறுதி கேட்ட பிறகுதான் பணம் விடுவிப்பார்கள்; எழுத்தில் ஏதாவது இருந்தால் அந்த வேலை சுருங்கும். மாற்று வண்டி தருகிறோம் என்றால் யோசித்துச் சம்மதியுங்கள். படுக்கைக்குப் பதில் இருக்கையில் ஏறிப் போய்விட்டால் அது முடிந்த பயணம். அதற்குமேல் கட்டண வித்தியாசத்தைத்தான் கேட்க முடியும்.

நிறுவனம் இன்னும் எதுவும் சொல்லவில்லை, புயல் என்றோ வேலைநிறுத்தம் என்றோ பேச்சு மட்டும் அடிபடுகிறது என்றால் கணக்கு வேறு. பயணமும் அவ்வளவு அவசியமில்லை என்று வையுங்கள். இரண்டு நாள் முன்பே ரத்து செய்தால் 100 போகும். காத்திருந்து, வண்டி ஓடும் என்று கடைசி நாளில் தெரிந்து ரத்து செய்தால் 500 போகும். அதாவது வண்டி ஓடும் வாய்ப்பு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு என்று தோன்றினால் மட்டுமே காத்திருப்பது லாபம். வெறும் வதந்தியை நம்பி அவ்வளவு துணிய மாட்டேன், 100-ஐ விட்டுவிடுவேன்.

சட்டம் வலுவாக இருக்கும் இடங்களில் இந்தத் தலைவலி குறைவு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 181/2011 விதிப்படி, 250 கிலோமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட வழக்கமான தடங்களில் நிறுவனம் பயணத்தை ரத்து செய்தால், கூடுதல் செலவில்லாத மாற்றுப் பயணமா, டிக்கெட் பணமா என்று பயணியிடம் கேட்க வேண்டும். அந்தத் தேர்வையே தராவிட்டால், டிக்கெட் பணத்தோடு அதன் விலையில் 50 சதவீதம் இழப்பீடும் சேரும். அப்படி எதுவும் இல்லாத இடத்தில் டிக்கெட்டின் அடியில் இருக்கும் நிபந்தனைதான் உங்கள் முதல் பிடி.

பணம் விடுவித்ததாகத் தளம் சொன்ன பிறகும் கணக்கில் ஏற வங்கிக்குச் சில வேலை நாட்கள் ஆகும். அதுவரை 'ரீஃபண்ட் ஆகிவிட்டது' என்ற வாசகத்தோடு நிற்காமல், பரிவர்த்தனைக் குறிப்பு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வங்கி அதை வைத்துத்தான் தேடும். உடனே தருகிறோம் என்று தளத்தின் வாலட்டில் போட முன்வந்தால், அந்தப் பணத்தை அங்கேயே செலவழிக்க வேண்டியிருக்குமா, காலாவதித் தேதி உண்டா என்று பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள்.