பேட்டியை எழுத்தில் வெட்டுவதற்கு முன்னால்: தமிழ் டிரான்ஸ்கிரிப்டோடு என் அனுபவம்

பேட்டி வீடியோவை டைம்லைனில் தள்ளித் தள்ளிக் கேட்டு வெட்டுவதை நான் விட்டு வருடங்கள் ஆகின்றன. பேச்சை எழுத்தாக மாற்றி, திருத்தி, படித்து, வேண்டிய பகுதியை எழுத்திலேயே முடிவு செய்துவிட்டுத்தான் டைம்லைனைத் திறக்கிறேன். வேலூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு பக்கம் தோல் தொழிலில் இருந்தவர்களின் பேட்டிகள்தான் என் வேலையில் அதிகம். அதாவது வட ஆற்காட்டுப் பேச்சு, நடுவில் கொஞ்சம் உருது, பின்னால் எங்கேயோ தோல் பதனிடும் டிரம் சுற்றும் சத்தம். இதை வைத்துத்தான் சொல்கிறேன். செய்தி வாசிப்பு மாதிரி பேசுகிறவர்களுக்கு இவ்வளவு பாடு இருக்காது.

எழுத்தாக்கத்துக்கு ஓப்பன்ஏஐயின் விஸ்பர் என்ற மென்பொருள். அது வெளிவந்தது 2022இல். 2023 கடைசியில் வந்த large-v3 மாடலைத்தான் இன்னும் ஓட்டுகிறேன்.

```
ffmpeg -i petti.mp4 -ac 1 -ar 16000 petti.wav
whisper petti.wav --model large-v3 --language ta \
  --word_timestamps True --output_format srt \
  --condition_on_previous_text False
```

மொழியைக் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் முதல் 30 விநாடியைக் கேட்டு அதுவே முடிவு செய்யும். வாணியம்பாடியில் பேட்டி தொடங்குமுன் உருதுவில் நலம் விசாரித்துக்கொள்வார்கள், அது பதிவில் இருந்தால் முழு ஃபைலும் வேறு எழுத்தில் வந்து நிற்கும். கடைசி ஆப்ஷன் எதற்கென்றால், டிரம் சத்தம் மட்டும் ஓடும் இடத்தில் விஸ்பர் இல்லாத ஒரு வரியை உண்டாக்கி, அதையே திரும்பத் திரும்ப எழுதும். முந்தைய துண்டின் எழுத்தைப் பார்த்து அடுத்ததை எழுதாதே என்று சொன்னால் அந்தச் சுற்றல் பெரும்பாலும் நிற்கிறது. இதற்கு விலையும் உண்டு. `--initial_prompt` மூலம் ஊர்ப்பெயர், தொழில் சொற்களை முன்கூட்டியே கொடுக்கலாம் என்பார்கள், ஆனால் இந்த ஆப்ஷன் இருக்கும்போது அது முதல் 30 விநாடிக்கு மேல் தானாகத் தொடராது. அதனால் நான் அந்தப் பக்கமே போவதில்லை, பெயர்களையெல்லாம் பின்னால் ஒரே மூச்சில் ஃபைண்ட்–ரீப்ளேஸ் போட்டு மாற்றிவிடுகிறேன். பேரணாம்பட்டு மூன்று துண்டாக வரும், ஆவாரம் பட்டை 'ஆகாரம் பட்டை' ஆகும், தோல் பதனிடும் இடமான டேனரி 'டைரி' ஆகும். எரிச்சலாக இருந்தாலும் இவையெல்லாம் பார்த்ததும் தெரிகிற தப்புகள், ஆபத்து இல்லை.

ஆபத்து வாக்கியத்தின் வாலில் இருக்கிறது. நம் பேச்சில் 'இல்லை' என்பது வினைச்சொல்லின் கடைசியில் ஒரு 'ல'வாக ஒட்டிக்கொண்டு வரும், அதற்கும் பின்னால் 'ன்னு' வந்து, அதுவரை கேட்டது யாருடைய பேச்சு என்பதைச் சொல்லும். இரண்டுமே வேகமாக, குரல் இறங்கும் இடத்தில் வருகிறவை. மெஷின் முதலில் விழுங்குவதும் இவற்றைத்தான்.

ஒரு பெரியவர், சுண்ணாம்புக் குழியில் பல காலம் வேலை பார்த்தவர், பாலாற்றைப் பற்றிப் பேசுகிறார். 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து, கழிவைச் சுத்திகரிக்காமல் டேனரி நடத்தக்கூடாது என்று ஆன பிறகும் சில இடங்களில் என்ன நடந்தது என்று கேட்டேன். அவர் சொன்னது இது: "மழ வந்தா ராத்திரில தொறந்து வுட்ருவாங்க, காலைல போய்க் கேட்டா நாங்க ஆத்துல வுடலன்னு சொல்லிக்கினு இருப்பாங்க."

விஸ்பர் தந்த எஸ்ஆர்டி என்ற சப்டைட்டில் ஃபைலில் அது வந்த விதம்:

```
214
00:18:42,300 --> 00:18:46,060
மழை வந்தால் ராத்திரியில் திறந்து விட்டுருவாங்க

215
00:18:46,060 --> 00:18:48,900
காலையில் போய் கேட்டால் நாங்கள் ஆத்துல விடல

216
00:18:48,900 --> 00:18:50,700
என்று சொல்லி கொண்டு இருப்பாங்க
```

215ஐ மட்டும் படித்துப் பாருங்கள். யாரோ சொன்ன மறுப்பு, பெரியவரின் வாக்குமூலமாக நிற்கிறது. நல்ல அழுத்தமான வரி என்று அங்கேயே வெட்டி வைத்தால், ஆற்றில் கழிவு விட்டவர்களைக் குற்றம் சொன்ன மனிதர், அவர்களுக்காகப் பேசுகிறவர் ஆகிவிடுவார். அதே பேட்டியில் இன்னொரு இடத்தில் 'வுடல' என்று அவர் சொன்னது 'விட்ட' என்று பதிவாகியிருந்தது, நேர் எதிர். படிக்கும்போது இரண்டுமே இலக்கணப் பிழை இல்லாத, நல்ல வாக்கியங்கள். அதனால்தான் எழுத்துப்பிழை தேடுகிற கண்ணோடு பார்த்தால் இவை மாட்டாது, காதால் கேட்டால்தான் மாட்டும்.

சரி, எப்படித் திருத்துகிறேன்? சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளில் அலைவடிவத்தோடு திறந்து, ஒருமுறை முழுக்கக் கேட்டபடியே போவேன். எல்லாச் சொல்லையும் பார்ப்பதில்லை, ஒவ்வொரு பிளாக்கின் கடைசிச் சொல்லையும் அடுத்த பிளாக்கின் முதல் சொல்லையும்தான். 'ன்னு', 'என்று', 'ஆம்', 'போல' என்று ஏதாவது அடுத்த பிளாக்கின் தலையில் இருந்தால் யோசிக்காமல் இரண்டையும் சேர்த்துவிடுவேன். மேலே உள்ளதில் 215, 216 சேர்ந்து ஒரே பிளாக். நீளமாகிறதே என்று கவலைப்பட வேண்டாம், இது திரையில் போடும் சப்டைட்டில் இல்லை, வெட்டுவதற்கான வரைபடம்.

அப்புறம் பேச்சு வழக்கைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். மெஷினுக்கு நல்ல தமிழ் எழுதும் ஆசை அதிகம். 'சொல்லிக்கினு' என்று அவர் ஒரே மூச்சில் சொன்னதை 'சொல்லி கொண்டு' என்று இரண்டாக எழுதுகிறது, 'கெட்டுப் போயி கீது' என்றதைக் 'கீதை' ஆக்குகிறது. எழுத்தில் இரண்டு சொல்லாக இருந்தால் நடுவில் வெட்டலாம் போலத் தோன்றும், ஒலியிலோ அங்கே இடைவெளியே இல்லை, வெட்டினால் சொல்லின் பாதியில் கத்தி விழும். அதனால் அவர் எப்படிச் சொன்னாரோ அப்படியே அடிக்கிறேன். அவர் திக்கிய இடம், 'இன்னா அது' என்று யோசித்த இடம், ஒரே சொல்லை இரண்டு தடவை தொடங்கிய இடம் எல்லாவற்றையும் மெஷின் துடைத்துவிடும். அவற்றையும் எழுத்தில் திரும்பப் போட்டால்தான் வெட்டும்போது கூடவே என்ன வரும் என்று தெரியும். நான் கேட்ட கேள்விகளையும் அவர் பதிலோடு ஒட்டி எழுதிவிடும், ஆள் பிரிக்கத் தெரியாது, அதனால் கே, ப என்று முன்னால் போட்டுக்கொள்வேன்.

அலைவடிவம் தட்டையாக, அல்லது ஒரே சீரான இரைச்சலாக இருக்க, மேலே வாக்கியம் ஓடினால் அது உண்டாக்கப்பட்ட வரி. 'நன்றி' என்று சம்பந்தமில்லாமல் வந்தாலும் அப்படித்தான், அழித்துவிடலாம்.

எழுத்தைத் திருத்தும் இடமும் வீடியோவை வெட்டும் இடமும் வேறு வேறாக இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. எழுத்தை அழித்தால் வீடியோவும் போகிற மென்பொருள்களில், திருத்தும் நிலையில் இருக்கிறோமா வெட்டும் நிலையில் இருக்கிறோமா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டியிருக்கிறது. டாவின்சி ரிசால்வில் தானாக எழுத்தாக்கும் வசதி காசு கொடுத்து வாங்கும் ஸ்டுடியோ பதிப்பில்தான், ஆனால் இலவசப் பதிப்பிலேயே எஸ்ஆர்டியைக் கொண்டுவந்து சப்டைட்டில் டிராக்காகப் போடலாம், எனக்கு அது போதும்.

வெட்டும்போது ஒன்று. விஸ்பர் காட்டும் சொல்லின் முடிவு நேரம் அளந்து எடுத்தது இல்லை, கணிப்பு. 'போச்சு', 'இருந்துச்சு' என்று தேய்ந்து முடியும் உகரம் அந்தக் கணக்குக்கு வெளியே விழுந்துவிடும். 25 ஃபிரேம் வீடியோவில் நாலைந்து ஃபிரேம் தள்ளி வெட்டுகிறேன், பிறகு ஹெட்போனில் கேட்டுச் சரிசெய்கிறேன். செல்போனில் எடுத்த வீடியோ என்றால் ஃபிரேம் ரேட் ஒரே சீராக இருக்காது, போகப் போக எழுத்தும் உதடும் விலகும். முதலிலேயே நிலையான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றிக்கொண்டு, அந்த ஃபைலில் இருந்தே ஆடியோவை எடுங்கள்.

ஒரு மணி நேரப் பேச்சைத் திருத்த எனக்கு மூன்று மணி நேரமாவது ஆகிறது. கடையில் நாலு பேர் ஒன்றாகப் பேசினால், அல்லது பேச்சு பாதி உருதுவுக்குப் போய்விட்டால் இந்த வழியே வேண்டாம். அந்த இடங்களில் பிளாக்கைக் காலியாக விட்டு, நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டு, பழையபடி டைம்லைனில் காதை வைத்துத்தான் வெட்டுகிறேன்.